மாமன் கொடுத்தால் வரி இல்லை, மருமகன் கொடுத்தால் உண்டு

சிவகாசியில் ஒருவர் சொந்தமாக அச்சகம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். புது மெஷின் ஒன்று வாங்க வேண்டும். கையில் இருக்கும் பணம் போதவில்லை. தாய்மாமன் 3 லட்சம் ரூபாய் தருகிறார். பெரியப்பா மகன் 2 லட்சம் தருகிறார். கூடப் படித்த நண்பர் 40,000 ரூபாய் தருகிறார். மூவருமே 'திருப்பித் தர வேண்டாம்' என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். வருமான வரிச் சட்டத்தின் கணக்கில் தாய்மாமன் கொடுத்த 3 லட்சத்துக்கு வரி இல்லை. பெரியப்பா மகனும் நண்பரும் கொடுத்த 2,40,000 ரூபாய், அச்சகக்காரரின் அந்த ஆண்டு வருமானத்தோடு சேரும்.

பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். பங்காளி என்பதால் குலதெய்வம் ஒன்று, தீட்டும் ஒன்று. சட்டமோ அவரைக் கூடப் படித்த நண்பரோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் கடைக்கும் பட்டறைக்கும் முதல் போடுவதில் சொந்தபந்தத்தின் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் சட்டம் யாரை உறவு என்கிறது, ஏன் அவர்களை மட்டும் விலக்குகிறது என்பதை இங்குள்ளவர்கள் தெளிவாகத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

விதி என்ன சொல்கிறது

வருமான வரிச் சட்டம், 1961-இன் 56ஆவது பிரிவில் இந்த விதி இருந்தது. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டமும் இதே ஏற்பாட்டைத் தொடர்கிறது. விதியின் சாரம் இதுதான்: ஒருவர் எந்தப் பிரதிபலனும் கொடுக்காமல் ஒரு கணக்கு ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றால், அந்தப் பணம் அவருடைய வருமானமாகக் கருதப்படும். கொடுத்தவர் உறவினராக இருந்தால் எத்தனை லட்சமானாலும் வருமானம் ஆகாது.

50,000 என்ற எல்லையைப் பலர் இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதலாவது, அது ஆளுக்கு 50,000 அல்ல. உறவினர் அல்லாத எல்லோரிடமிருந்தும் அந்த ஆண்டு முழுவதும் வந்த பணத்தைக் கூட்டித்தான் எல்லையைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, எல்லையைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்பதில்லை. 50,000 ரூபாய் வரை வந்தால் ஒன்றுமில்லை. 51,000 வந்தால் 51,000 முழுவதும் வருமானம். மேலே சொன்ன நண்பர் கொடுத்த 40,000 தனியாக வந்திருந்தால் வரிக்குள் வந்திருக்காது. பெரியப்பா மகனின் 2 லட்சத்தோடு கூடியதால் அதுவும் சேர்ந்துவிட்டது.

பணம் தவிர நிலம், வீடு, நகை, தங்கக் கட்டி, பங்குகள், ஓவியம், சிற்பம் ஆகியவையும் இந்த விதியில் அடங்கும். மோட்டார் சைக்கிள், ஃபிரிட்ஜ் போன்ற பொருட்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை யார் பரிசாகக் கொடுத்தாலும் இந்த விதி தீண்டாது. உயில் மூலமோ வாரிசுரிமையாலோ வருவதற்கும் இந்த வரி இல்லை.

அச்சகக்காரரின் கணக்கு

அவருடைய தொழில் லாபம் அந்த ஆண்டு 15 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். புதிய வரி முறையில், 2025-26 கணக்கு ஆண்டுக்கு, 12 லட்சத்திலிருந்து 16 லட்சம் வரையுள்ள வருமானத்துக்கு 15 சதவீதமும், 16 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 20 சதவீதமும் வரி. பரிசாக வந்த 2,40,000 சேர்ந்ததும் மொத்த வருமானம் 17,40,000 ஆகிறது. கூடுதலாக வந்த தொகையில் முதல் 1 லட்சத்துக்கு 15,000 ரூபாய், மீதி 1,40,000-க்கு 28,000 ரூபாய், ஆக 43,000. அதன்மேல் 4 சதவீத செஸ் 1,720. பெரியப்பா மகனும் நண்பரும் கொடுத்ததற்காக அவர் கட்ட வேண்டிய வரி 44,720 ரூபாய். தாய்மாமன் கொடுத்த பெரிய தொகைக்கு ஒரு ரூபாயும் இல்லை.

இதே 2 லட்சத்தைப் பெரியப்பாவே கொடுத்திருந்தால் வரி இல்லை. ஏனென்றால் அப்பாவின் உடன்பிறந்தவர் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார். ஆனால் அது உண்மையிலேயே பெரியப்பாவின் பணமாக, அவர் முடிவு செய்து கொடுத்ததாக இருக்க வேண்டும். மகன் காலையில் அப்பா கணக்கில் போட்டு, அப்பா மாலையில் தம்பி மகன் கணக்குக்கு மாற்றினால், பணத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்ற கேள்வியை அதிகாரி கேட்பார். வங்கிக் கணக்கின் இரண்டு வரிகளே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு நேரான வழி, பெரியப்பா மகனிடம் அதைக் கடனாக வாங்குவது. கடன் வருமானம் அல்ல. ஆனால் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனை ரொக்கமாக வாங்கக்கூடாது. வங்கி வழியாகத்தான் வாங்க வேண்டும், அப்படித்தான் திருப்பவும் வேண்டும். திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் கடன் என்று எழுதிவைப்பது பிறகு நிற்காது.

யார் யார் உறவினர்

சட்டம் பணம் பெறுபவரை நடுவில் வைத்துப் பட்டியல் போடுகிறது. பெறுபவரின் கணவன் அல்லது மனைவி, பெறுபவரின் உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், அப்பா, அம்மா இருவரின் உடன்பிறந்தவர்கள், நேர் மேல் வழியில் பெற்றோர், தாத்தா, பாட்டி, நேர் கீழ் வழியில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கணவன் அல்லது மனைவியின் நேர் மேல், கீழ் வழியினர். இவர்கள் எல்லோருடைய கணவன், மனைவியும் உறவினரே.

இந்தப் பட்டியலை நம் முறைகளோடு பொருத்திப் பார்த்தால் படம் தெளிவாகும். தாய்மாமனும் அத்தையும் உள்ளே இருக்கிறார்கள். மாமாவின் மனைவியும் அத்தையின் கணவரும் உள்ளே. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி உள்ளே. அக்காள் கணவரும் தங்கை கணவரும் உள்ளே. மனைவியின் அண்ணன் தம்பியான மச்சான்கள் உள்ளே. அவர்களுடைய மனைவிகளும் உள்ளே. மாமனார், மாமியார், மகளின் கணவர், மகனின் மனைவி எல்லோரும் உள்ளே.

வெளியே நிற்பவர்கள் யார்? பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளான பங்காளிகள். மாமா மகன், அத்தை மகள் என்ற முறைப் பிள்ளைகள். சம்பந்தி. மாமனாரின் அண்ணன் தம்பிகள். இவர்கள் எத்தனை நெருக்கமானாலும் சட்டத்தின் கண்ணில் வெளியாட்கள்தான்.

பட்டியல் பெறுபவரின் பக்கத்திலிருந்து போடப்பட்டிருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. தாய்மாமன் மருமகனுக்குக் கொடுத்தால், பெறுபவரின் அம்மாவுடைய உடன்பிறந்தவர் கொடுத்ததாக ஆகிறது, வரி இல்லை. அதே மருமகன் தலையெடுத்த பிறகு, வயதான மாமனின் கண் அறுவைச் சிகிச்சைக்கு 1 லட்சம் அனுப்பினால், இப்போது பெறுபவர் மாமன். அவருடைய பட்டியலில் உடன்பிறந்தவரும் உடன்பிறந்தவரின் கணவன் மனைவியும்தான் இருக்கிறார்கள்; உடன்பிறந்தவரின் பிள்ளை இல்லை. ஆகவே அந்த 1 லட்சம் மாமனின் வருமானம். மருமகன் தன் அம்மாவுக்குக் கொடுத்து, அம்மா தன் தம்பிக்குக் கொடுப்பதாக இருந்தால் இரண்டு கொடையுமே தனித்தனியாகப் பட்டியலுக்குள் வருகின்றன. அம்மா உண்மையாகவே தன் பணமாகப் பெற்று, தன் விருப்பப்படி கொடுத்தால்தான் அது நிற்கும் என்ற நிபந்தனை இங்கும் உண்டு.

மாமனுக்கு வேறு வருமானம் அதிகம் இல்லையென்றால் அவர் கையில் வரி எதுவும் வராமலே போகலாம். பரிசுப் பணம் சாதாரண வருமானம் போலத்தான் மொத்தத்தில் சேர்கிறது. 2025-26 முதல் புதிய வரி முறையில் மொத்தம் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்குத் தள்ளுபடியால் வரி இல்லாமல் ஆகிறது. 'வருமானமாகும்' என்பதும் 'வரி கட்ட வேண்டும்' என்பதும் ஒன்றல்ல.

மொய், சீர், செய்முறை

திருமணத்துக்கு வரும் பரிசுக்கு யார் கொடுத்தாலும் விலக்கு உண்டு. நண்பர், வியாபாரக் கூட்டாளி, பக்கத்துக் கடைக்காரர் யாராக இருந்தாலும், தொகை எவ்வளவானாலும் வரி இல்லை. ஆனால் திருமணம் செய்துகொள்பவர் பெறும் பரிசுக்குத்தான் இந்த விலக்கு. மொய்ப் பணம் பெண்ணின் அப்பா கணக்கில் போய் உட்கார்ந்தால், அது 'அவருடைய திருமணத்துக்கு' வந்ததல்ல என்ற கேள்வி எழும். மொய்யை மணமக்கள் கணக்கில் போட்டுவிடுவது பாதுகாப்பு.

மற்ற விசேஷங்களுக்கு இந்த விலக்கே இல்லை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம் எதையும் சட்டம் குறிப்பிடவில்லை. அறுபதாம் கல்யாணத்தில் மறுபடி தாலி கட்டினாலும் அது புதுத் திருமணம் ஆகிவிடாது. இத்தகைய விழாக்களில் தாய்மாமன் வைக்கும் சீருக்கு, அவர் பட்டியலில் இருப்பதால் வரி இல்லை. ஊர்க்காரர்களும் நண்பர்களும் பங்காளிகளும் எழுதும் மொய், மொத்தமாக 50,000-ஐத் தாண்டினால் வருமானத்தில் சேர வேண்டும்.

மொய் வாங்கியவர் திருப்பிச் செய்யக் கடமைப்பட்டவர் என்பது நம் பக்கத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். அப்படியானால் அது பரிசா, கடனா? சட்டத்தில் மொய்க்கென்று தனி இடம் இல்லை. எந்த நாளில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற உறுதி இல்லாததால், அதைக் கடன் என்று நிறுவுவது கடினம். ஆனால் மொய் நோட்டு ஒரு நல்ல சான்று. யார், எந்த ஊர், எவ்வளவு என்று அதில் வரிவரியாக இருப்பதால், உறவினர் கொடுத்ததையும் மற்றவர் கொடுத்ததையும் பிரித்துக் காட்ட அதைவிட நேரான ஆவணம் கிடைக்காது. விழா முடிந்த பிறகும் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தீபாவளி போனஸும் தொழிற்சாலை முதலாளி கொடுக்கும் அன்பளிப்பும் இந்தக் கணக்கில் வராது. வேலை செய்பவருக்கு முதலாளி கொடுக்கும் பணம் சம்பளத்தின் பகுதி. வியாபாரி தன் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் பரிசு வியாபார வருமானத்தின் பகுதி. அவற்றுக்குத் தனி விதிகள் இருக்கின்றன.

ஏன் உறவுக்கு விலக்கு

இந்திய வரிச் சட்டம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. பொருளாதார அறிஞர் நிகோலஸ் கால்டார் 1956-இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் கொடைக்கும் வரி போடச் சொன்னார். 1958 பிப்ரவரியில், பிரதமர் நேரு தாமே நிதித் துறையையும் கவனித்துவந்த நேரத்தில், பட்ஜெட்டில் அதை அறிவித்தார். அந்தக் கொடை வரிச் சட்டம் கொடுத்தவரிடம் வசூலித்தது. அப்பா மகனுக்குக் கொடுத்தாலும், விலக்களித்த தொகைக்கு மேல் போனால் அப்பா வரி கட்ட வேண்டும். சொத்தைக் குடும்பத்துக்குள் பிரித்துக் கொடுத்து, இறந்த பிறகு வரும் வரியிலிருந்து தப்பிப்பதைத் தடுப்பதுதான் அதன் முக்கிய நோக்கம். 1998 அக்டோபர் 1 முதல் செய்யும் கொடைகளுக்கு அந்த வரி நீக்கப்பட்டது.

அதன் பிறகு ஆறு ஆண்டுகள் கொடுப்பவருக்கும் வரி இல்லை, பெறுபவருக்கும் வரி இல்லை. கணக்கில் காட்டாத பணத்தை வெளியாள் ஒருவர் பெயரில் அன்பளிப்பாக எழுதி உள்ளே கொண்டுவர அது வசதியாகப் போயிற்று. அதை அடைக்கத்தான், அப்போதைய நிதி அமைச்சர், சிவகங்கைத் தொகுதி எம்.பி. ப. சிதம்பரத்தின் 2004 பட்ஜெட்டில் பெறுபவர் மீதான விதி வந்தது. முதலில் எல்லை 25,000 ரூபாய். 2006 ஏப்ரலிலிருந்து 50,000. நிலமும் நகையும் 2009 அக்டோபரில் சேர்க்கப்பட்டன. இந்த வரலாறே விலக்கின் முதல் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. சட்டம் தேடியது போலிப் பரிசை. காரணமே இல்லாமல் ஒரு வெளியாள் லட்சக்கணக்கில் கொடுத்தால் சந்தேகம் வருவது இயல்பு. அப்பா மகளுக்குக் கொடுப்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

இரண்டாவது காரணம், குடும்பத்துக்குள் பணம் கைமாறுவதால் குடும்பத்தின் செல்வம் கூடுவதில்லை. அப்பா சம்பாதித்தபோது அதற்கு வரி கட்டியிருக்கிறார். அந்தப் பணத்தில் மகளின் படிப்புக் கட்டணத்தை அவரே கட்டினால் யாரும் வரி கேட்பதில்லை. அதையே மகளின் கணக்கில் போட்டு மகள் கட்டினால் மட்டும் ஏன் வரி? இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யார் கையால் பணம் போனது என்பதுதான்.

மூன்றாவது காரணம் நடைமுறை. ஒரு வீட்டுக்குள் நாள்தோறும் எத்தனை கொடுக்கல் வாங்கல்! கணவன் மனைவிக்கு வீட்டுச் செலவுக்குத் தருகிறார், மகன் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புகிறார், அண்ணன் தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறார். இதில் எது கடமை, எது செலவு, எது பரிசு என்று பிரிக்க எந்த அதிகாரியாலும் முடியாது. அப்படி ஒரு சட்டம் போட்டால், நேர்மையாகக் கணக்குச் சொல்பவர் மட்டும் வரி கட்டுவார்.

உலகில் மற்ற நாடுகளும் இதே சிக்கலைத்தான் வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன. ஜெர்மனி உறவைப் படிப்படியாக அளக்கிறது. பெற்றோர் ஒருவர் பிள்ளைக்குப் பத்து ஆண்டுகளில் 4 லட்சம் யூரோ வரை வரியில்லாமல் கொடுக்கலாம். நண்பருக்கு அந்த எல்லை 20,000 யூரோதான். உடன்பிறந்தவருக்கும் அதே 20,000. அமெரிக்கா கொடுப்பவர் மீது வரி வைத்து, குடிமகனாக உள்ள கணவன் அல்லது மனைவிக்குக் கொடுப்பதை முழுவதுமாக விலக்குகிறது. இந்தியா படிகள் வைக்கவில்லை. பட்டியலுக்குள் இருந்தால் எல்லையே இல்லை, வெளியே இருந்தால் 50,000.

விலக்கு இருந்தாலும் தப்ப முடியாத இடம்

உறவுக்குள் கொடுப்பதற்கு எல்லை இல்லையென்றால், வருமானம் அதிகமுள்ள கணவர் பணத்தையெல்லாம் மனைவி பெயரில் போட்டு வட்டிக்கு வரி இல்லாமல் செய்துவிடலாமே என்று தோன்றும். அந்த வழியைச் சட்டம் முன்பே அடைத்திருக்கிறது. விருதுநகரில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் மனைவிக்கு 10 லட்சம் கொடுத்து, அவர் அதை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போடுகிறார் என்று கொள்வோம். 10 லட்சம் வந்ததற்கு மனைவி வரி கட்ட வேண்டாம். ஆண்டுக்கு வரும் 70,000 ரூபாய் வட்டியோ கணவரின் வருமானத்தில் சேரும். அந்த வட்டியை மனைவி மறுபடி முதலீடு செய்து வரும் வட்டிதான் மனைவியுடைய வருமானம்.

மகனின் மனைவிக்குக் கொடுத்தாலும் இதே விதி. 18 வயது நிறையாத பிள்ளையின் பெயரில் போட்டாலும் வருமானம் பெற்றோரில் ஒருவரின் கணக்கில் சேரும். வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தால் இந்தச் சேர்க்கை இல்லை. அவர்களுடைய வருமானம் அவர்களுடையதுதான். தொழிலில் பிள்ளைகளைப் பங்குதாரர் ஆக்க நினைக்கும் சிவகாசிக் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் பயன்படும்.

நிலம் என்றால் இன்னொரு பட்டியல்

நிலத்தையோ கட்டடத்தையோ வாய்ச்சொல்லால் தானம் கொடுக்க முடியாது. பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே முத்திரைத் தீர்வை வருகிறது. முத்திரைச் சட்டத்துக்குக் 'குடும்பம்' என்று தனிப் பட்டியல் உண்டு. அது வருமான வரிச் சட்டத்தின் பட்டியலைவிடச் சிறியது.

சிவகாசியில் 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா மகளுக்கு செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையிலிருந்து அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். இங்கே 30,000 ஆகிறது. பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000. மொத்தம் 40,000 ரூபாய். மகளுக்கு வருமான வரி இல்லை.

அதே இடத்தைத் தாய்மாமன் மருமகனுக்கு எழுதினால் வருமான வரி இல்லை. அந்தச் சட்டத்தில் அவர் உறவினர். முத்திரைச் சட்டத்தின் குடும்பத்துக்குள் அவர் வருவதில்லை. ஆகவே தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2,10,000-மும் 60,000-மும் சேர்த்து 2,70,000 ரூபாய். நண்பர் ஒருவர் எழுதினால் இந்த 2,70,000 போக, இடத்தின் 30 லட்சம் மதிப்பும் பெறுபவரின் வருமானத்தில் சேர்ந்துவிடும். இடம் கொடுப்பதற்கு முன் இரண்டு பட்டியலையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் இருந்தால் மற்றதிலும் இருப்பார் என்று நினைத்துப் பத்திரம் தயாரித்துவிட்டு, பதிவு நாளன்று பணத்துக்கு அலைய வேண்டாம்.

எங்கே தவறுகிறது

உறவினர் கொடுத்தது என்று சொன்னால் மட்டும் போதாது. கேட்டால் நிரூபிக்க வேண்டியவர் பெற்றவர்தான். கொடுத்தவர் யார், அவ்வளவு கொடுக்க அவருக்கு வசதி இருந்ததா, கொடுத்தது உண்மையா என்ற மூன்றையும் அதிகாரி பார்ப்பார். ஆண்டுக்கு 3 லட்சம் வருமானம் காட்டும் சித்தப்பா ஒரே நாளில் 20 லட்சம் கொடுத்ததாகச் சொன்னால், அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். நிலம் விற்ற பணமென்றால் பத்திரம் காட்டலாம். காட்ட முடியாவிட்டால் அது விளக்கம் இல்லாத பணமாகி, சாதாரண விகிதத்தைவிட மிகக் கடுமையான வரிக்கு உள்ளாகும்.

வங்கி வழியாக வந்தது என்பதும் முழுப் பதில் ஆகாது. வெளிநாட்டிலிருந்து ஒரே ஆள் ஒரு குடும்பத்தினர் பலருக்கும் அன்பளிப்பு அனுப்பியதாகச் சொன்ன தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், பணம் வங்கி மூலம் வந்ததால் மட்டும் அது உண்மையான பரிசு ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சொல்லிவிட்டது.

ரொக்கத்தில் இன்னும் ஒரு தடை இருக்கிறது. ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே விசேஷத்துக்காக, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக்கூடாது. பெற்றால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். அப்பா கொடுத்தாலும் இது பொருந்தும். உறவுக்கு உள்ள விலக்கு வரிக்கு மட்டும்தான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். யார், யாருக்கு, என்ன முறையில், எவ்வளவு, எந்தத் தேதியில், திருப்பித் தர வேண்டாம் என்று கொடுத்தது என ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கொடுத்தவரின் பான் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் அவருக்கு வந்த வழியைக் காட்டும் ஆவணத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். பல ஆண்டுகள் கழித்துக் கேள்வி வரும்போது கொடுத்தவர் உயிரோடு இல்லாமலும் போகலாம். அப்போது இந்தத் தாள்தான் பேசும்.

பட்டியலில் விடுபட்டவர்கள்

விதியின் நோக்கம் போலிப் பரிசைப் பிடிப்பது. ஆனால் அது உண்மையான உதவியையும் பிடித்துவிடுகிறது. பட்டாசு வட்டாரத்தில் இதைப் புறக்கணிக்க முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் இறந்த விபத்துக்குப் பிறகும் இங்கே விபத்துகள் நிற்கவில்லை. தீக்காயம் பட்ட ஒரு தொழிலாளியின் சிகிச்சைக்காக, முகம் தெரியாத பலர் அவருடைய அப்பாவின் கணக்கில் 15 லட்சம் ரூபாய் போட்டார்கள் என்று கொள்ளுங்கள். வேறு வருமானம் எதுவும் இல்லாவிட்டாலும், அந்த 15 லட்சம் அப்பாவின் வருமானம். 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கான தள்ளுபடி இல்லாமல் போவதால், செஸ்ஸும் சேர்த்து 1,09,200 ரூபாய் வரி வரும். மகனின் தோலுக்காகத் திரட்டிய பணத்திலிருந்து அது போக வேண்டும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் பதிவுபெற்ற அறக்கட்டளை கொடுக்கும் உதவிக்கு விலக்கு உண்டு. மகமை என்று வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவைத்துப் பொதுக் காரியம் செய்யும் பழக்கம் விருதுநகர் வட்டாரத்தில் வேரூன்றியது. ஆகவே இங்கே பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் வழியாக உதவியைத் திரட்டுவது கடினமல்ல. பணம் நேராகத் தனி ஆள் கணக்குக்குப் போகாமல் அந்த வழியாகப் போனால், காயம்பட்டவருக்கு முழுத் தொகையும் கிடைக்கும். உதவ நினைப்பவர்கள் முதல் நாளே இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் சட்டத்தாலேயே இந்த விலக்கைக் கொடுக்க முடியும். கொரோனா காலத்தில் அது செய்து காட்டியது. அந்த நோயின் சிகிச்சைக்காக யார் கொடுத்த பணமும் வருமானமல்ல என்றும், இறந்தவரின் குடும்பத்துக்கு மற்றவர்கள் கொடுத்ததில் 10 லட்சம் வரை விலக்கு என்றும் பின்தேதியிட்டு மாற்றினார்கள். சான்றுகளைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த விலக்கு இயங்கியது. தொழில் விபத்தில் காயம்பட்டவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் அதே விலக்கை, அதே நிபந்தனைகளோடு நிரந்தரமாகக் கொடுக்க முடியும். மருத்துவமனை ரசீதும் விபத்துப் பதிவும் இருக்கும் இடத்தில் போலிப் பரிசுக்கு இடம் குறைவு.

மாமன் மருமகன் விஷயத்திலும் திருத்தம் எளிது. மாமன் கொடுப்பதில் மோசடி இல்லை என்று சட்டம் நம்பினால், மருமகன் கொடுப்பதிலும் அதே நம்பிக்கையை வைக்கலாம். உடன்பிறந்தவரின் பிள்ளைகள் என்ற ஒரு வரியைப் பட்டியலில் சேர்த்தால் போதும். 2006-இல் வைத்த 50,000 ரூபாய் எல்லையையும் இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். அன்று அந்தப் பணத்தில் வாங்க முடிந்த தங்கத்தில் ஒரு சிறு பங்கைத்தான் இன்று வாங்க முடியும். எல்லை மட்டும் அங்கேயே நிற்கிறது. இவை மாறும்வரை, பணம் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கொடுப்பவர் எனக்கு என்ன முறை வேண்டும் என்பதல்ல, பெறுபவனான என்னை நடுவில் வைத்துச் சட்டம் போட்ட பட்டியலில் அவர் இருக்கிறாரா என்பதுதான்.